கணக்காளரின் ஓராண்டுப் பணியை மதிப்பிடுவது எப்படி? முதன்முறையாக மதிப்பிடுவோருக்கான வழிகாட்டி

சிறு, நடுத்தர நிறுவனங்களில் கணக்காளரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் பெரும்பாலும் கணக்குப் படித்தவராக இருப்பதில்லை. உற்பத்தி மேலாளரோ, நிர்வாக அலுவலரோ, உரிமையாளரின் மகனோ மகளோ அந்தப் படிவத்தை நிரப்புகிறார்கள். கணக்கின் உள்விவரம் தெரியாத நிலையில், கணக்காளர் இரவு எட்டு மணி வரை அலுவலகத்தில் இருக்கிறார் என்பதும், இதுவரை நமக்குத் தொல்லை எதுவும் வந்ததில்லை என்பதும்தான் மதிப்பெண்ணைத் தீர்மானித்துவிடுகின்றன. இரண்டுமே அவருடைய வேலையின் தரத்தைச் சொல்வதில்லை. ஆனால் கணக்கு வேலைக்கு ஒரு வசதி உண்டு: செய்தது, செய்யாமல் விட்டது, பிந்திச் செய்தது எல்லாவற்றின் தடமும் ஏட்டிலேயே இருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால், கணக்கியல் பட்டம் இல்லாதவரும் ஒழுங்காக மதிப்பிட முடியும்.

விளக்கத்துக்காக, கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஏறத்தாழ 600 வவுச்சர்கள் பதிவாகின்றன. கணக்காளர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கீழே, சப்ளையர்களுக்கான பட்டுவாடாவையும் சில்லறை ரொக்கத்தையும் கவனிக்கும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார். மதிப்பிட வேண்டியது இந்த இருவரையும்.

துல்லியம்: பிழை எத்தனை என்பதைவிட, யார் கண்டுபிடித்தார் என்பது முக்கியம்

முதலில் மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று சாதாரண மாதமாகவும், ஒன்று மார்ச்சாகவும், ஒன்று ஆள் விடுப்பாலோ வேலைப் பளுவாலோ நெருக்கடியாக இருந்த மாதமாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு மாதத்திலிருந்தும் 30 வவுச்சர்களை நீங்களே எடுங்கள். கணக்காளரை எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். பெரிய தொகைகள் சிலவும், சிறியவை சிலவும், வரவு பற்று மாற்றும் ஜர்னல் பதிவுகள் சிலவும் அதில் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வவுச்சரையும் அதன் பில்லோடு வைத்து, தேதி, தொகை, யாருடைய லெட்ஜர், எந்தத் தலைப்பு, ஜிஎஸ்டி, டிடிஎஸ், ஒப்புதல் கையெழுத்து ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

நம் நிறுவனத்தில் 90 வவுச்சர்களில் ஏழில் பிழை தெரிகிறது என்று கொள்வோம். ஏழு பிழை என்று மட்டும் படிவத்தில் எழுதிவிட்டால் அது நியாயமான மதிப்பீடு ஆகாது. நான்கில் விவரக் குறிப்பு எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அது ஒழுங்குக் குறைவு. யாருக்கும் பண இழப்பு இல்லை. மீதி மூன்றைத்தான் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, லாரி வாடகை பில். 54,720 ரூபாய் என்றிருந்ததை 57,420 என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். வித்தியாசம் 2,700, அது ஒன்பதால் வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்காளர்களுக்குக் கைவந்த சோதனை. அடுத்த மாதம் லாரிக்காரரின் ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டபோது இந்தக் கணக்காளரே அதைக் கண்டு, திருத்தப் பதிவும் போட்டிருக்கிறார். இதைக் குறையாக எழுதக் கூடாது. கை தவறுவது எல்லாருக்கும் நேரும். அதைப் பிடிக்கும் ஒப்பீடு மாதாமாதம் நடக்கிறது என்பதற்கு இந்தப் பிழையே சான்று.

இரண்டாவது, 38,500 ரூபாய்க்கான மோட்டார் ரீவைண்டிங் பில். அது பழுதுபார்ப்புச் செலவு. ஆனால் இயந்திரங்கள் என்ற சொத்துத் தலைப்பில் ஏறியிருக்கிறது. அதனால் அந்த ஆண்டின் செலவு குறைந்து, லாபம் கூடுதலாகத் தெரிகிறது. இல்லாத சொத்துக்குத் தேய்மானமும் கணக்கிடப்படுகிறது. பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்த கோரிக்கைச் சீட்டிலேயே தலைப்பு தவறாக எழுதப்பட்டிருந்தது என்பது விசாரித்தால் தெரியவருகிறது. எனவே பொறுப்பு இருவருடையது. பில்லைப் படித்திருந்தால் கணக்காளருக்கு ஐயம் வந்திருக்க வேண்டும் என்ற அளவில் மட்டும் அவர் பங்கைக் குறிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கவலைக்குரியது. ராஜ்கோட்டிலிருந்து வந்த காஸ்டிங் பில் ஒன்று: சரக்கு மதிப்பு 80,000 ரூபாய், 18 சதவீத வரி 14,400 ரூபாய். வெளிமாநிலச் சரக்கு என்பதால் முழுவதும் ஐஜிஎஸ்டி. அதே சப்ளையருக்குக் கோவையிலும் ஒரு கிடங்கு இருப்பதால், பதிவு செய்தவர் கோவைக் கிளையின் லெட்ஜரைத் தேர்ந்துவிட்டார். மென்பொருள் அதை உள்மாநிலக் கொள்முதலாக எடுத்துக்கொண்டு, சிஜிஎஸ்டி 7,200, எஸ்ஜிஎஸ்டி 7,200 என்று பிரித்துவிட்டது. கூட்டுத்தொகை மாறவில்லை. மாதந்தோறும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும், சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் GSTR-2B அறிக்கையோடு கொள்முதலை ஒப்பிடும்போது இது பிடிபட்டிருக்க வேண்டும். ஏன் பிடிபடவில்லை? கேட்டுப் பார்த்தால், "மொத்த வரி ஒத்துப்போச்சு சார், அதோட விட்டுட்டேன்" என்று பதில் வருகிறது. அதாவது பில் வாரியாக ஒப்பிடும் பழக்கம் இல்லை. இது ஒரு பில்லில் நேர்ந்த தவறு அல்ல. அதே முறையில் ஒப்பிடப்பட்ட எல்லா மாதங்களிலும் இப்படிப்பட்டவை இருக்கலாம் என்பதால், மற்ற ஆறு பிழைகளைவிட இந்த ஒன்றுக்கே மதிப்பீட்டில் அதிக எடை தர வேண்டும்.

ஆகவே உங்கள் தாளில் ஒவ்வொரு பிழைக்கும் எதிரே இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று அதன் காரணம். மற்றது அதைக் கண்டவர் யார் என்பது: மாதக் கணக்கை முடிக்கும் முன் அவரே கண்டாரா, முடித்த பிறகு கண்டாரா, நீங்கள் கண்டீர்களா, ஆடிட்டர் கண்டாரா, வரித்துறை நோட்டீஸ் அனுப்பிக் காட்டியதா? இந்த வரிசையில் கீழே போகப் போகப் பிழையின் கனம் கூடும். தானே கண்டு சொன்ன பிழைக்கும் நோட்டீஸில் வந்த பிழைக்கும் ஒரே தண்டனை என்று வைத்தால், அடுத்த ஆண்டு உங்களுக்குப் பிழைகள் தெரியவராது. ஏட்டில் மட்டும் இருக்கும்.

வவுச்சர் சோதனையோடு இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, நம் ஏட்டையும் வங்கி ஸ்டேட்மென்டையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். நாம் கொடுத்து, வங்கியில் இன்னும் பணமாகாத காசோலைகள் அதில் இருக்கும். காசோலை மூன்று மாதம்தான் செல்லும். அதைக் கடந்தவை பட்டியலில் அப்படியே நின்றால், யாரும் அந்தப் பட்டியலைப் படிக்காமல் மாதாமாதம் நகலெடுத்து வைக்கிறார்கள் என்று பொருள். மற்றது அனாமத்துக் கணக்கு. இன்னது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் இடம் அது. பன்னிரண்டு மாத முடிவுகளிலும் அதில் எவ்வளவு நின்றது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறி ஏறி இறங்கினால் சரி. ஏறிக்கொண்டே போனால், தெரியாததைத் தேடும் வேலை நின்றுவிட்டது.

மாத இறுதி: பிந்தியது யாரால்?

சட்டம் விதித்த தேதிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் பிடித்த டிடிஎஸ் தொகை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு விற்பனை விவரத்துக்கான GSTR-1 படிவத்துக்கு 11-ஆம் தேதியும், வரி செலுத்துவதற்கான GSTR-3B படிவத்துக்கு 20-ஆம் தேதியும் கெடு. பிஎஃப், ஈஎஸ்ஐ 15-ஆம் தேதி. செலான்களையும் தாக்கல் ரசீதுகளையும் எடுத்து வைத்தால் ஓராண்டு முழுவதையும் அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். டிடிஎஸ்ஸில் ஒரு நாள் பிந்தினாலும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் வட்டி போடுவதில்லை. பிடித்த நாளிலிருந்து மாதத்துக்கு 1.5 சதவீதம் என்று போடுகிறார்கள். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். எனவே வட்டி, தாமதக் கட்டணம் என்ற தலைப்புகளில் ஆண்டு முழுவதும் செலவானது எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் வங்கியில் பணம் இல்லாததால் உரிமையாளர் தள்ளிப்போடச் சொன்ன மாதங்களைக் கழித்துவிட்டே கணக்காளர் பெயரில் எழுதுங்கள்.

உள்ளக அறிக்கைக்கான கெடு இதைவிடச் சிக்கலானது. நம் நிறுவனத்தில் மாத லாப நட்டக் கணக்கு 8-ஆம் தேதி வர வேண்டும் என்பது ஏற்பாடு. பன்னிரண்டு மாதங்களில் ஐந்து முறை பிந்தியிருக்கிறது. ஸ்டோர்ஸிலிருந்து சரக்கு இருப்புப் பட்டியல் வந்த தேதியை மின்னஞ்சலில் தேடிப் பார்த்தால், அந்த ஐந்தில் மூன்று முறை பட்டியலே 9-ஆம் தேதிக்குப் பிறகுதான் வந்திருக்கிறது. அவற்றைக் கணக்காளர் மீது ஏற்றக் கூடாது. பட்டியல் வரவில்லை என்று அவர் 5-ஆம் தேதியே உங்களுக்கு எழுதினாரா, அல்லது 10-ஆம் தேதி நீங்கள் கேட்டபோதுதான் சொன்னாரா என்பது மட்டும் அவருக்கு உரிய கேள்வி. மீதி இரண்டு முறையும் வங்கிச் சரிக்கட்டலைக் கடைசி நாள் வரை விட்டதால் பிந்தியது, அது அவருடையது.

சரியான நாளில் முடிப்பவரையும் ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும். பில் வராத செலவுகளுக்கு ஒதுக்கீடு போடாமல் விட்டால் யாரும் 3-ஆம் தேதியே கணக்கை முடித்துவிடலாம். இதைக் கண்டுபிடிக்க மின்கட்டணம், லாரி வாடகை, ஒப்பந்தக் கூலி ஆகிய மூன்று செலவுகளையும் மாத வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உற்பத்தி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க, லாரி வாடகை ஒரு மாதம் 40,000, அடுத்த மாதம் 3,10,000 என்று துள்ளினால், செலவு நடந்த மாதத்தில் பதியப்படாமல் பில் வந்த மாதத்தில் பதியப்படுகிறது. அப்படி வரும் அறிக்கையை நம்பி நீங்கள் விலை நிர்ணயம் செய்தால் தவறான விலையே கிடைக்கும். அறிக்கை கொடுத்த பிறகு முடிந்துபோன மாதத் தேதியில் எத்தனை பதிவுகள் போடப்பட்டன என்பதையும் மென்பொருளில் பார்க்கலாம். முடிந்த மாதத்தைப் பூட்டும் வசதியை நிர்வாகம் இதுவரை பயன்படுத்தவில்லை என்றால், அது நிர்வாகம் திருத்திக்கொள்ள வேண்டிய குறை.

தணிக்கைக்குத் தயாராக இருத்தல்

இதற்கு ஒரே ஒரு சோதனை போதும். எல்லா லெட்ஜர்களின் இருப்பையும் ஒரே தாளில் காட்டும் இருப்பாய்விலிருந்து பத்து இருப்புகளைக் குறித்துக்கொண்டு, ஒரு சாதாரண நாளில், ஆடிட்டர் வருவதற்கு வெகு முன்னால், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேளுங்கள். கிடங்கு உரிமையாளரிடம் 1,20,000 ரூபாய் முன்பணம் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது, ஒப்பந்தம் எங்கே? இந்தக் கடனாளி 2,45,000 தர வேண்டும் என்கிறது. அவர் ஒப்புக்கொண்ட கடிதமோ மின்னஞ்சலோ உண்டா? வங்கிக் கடன் இருப்பு வங்கியின் ஸ்டேட்மென்டோடு பொருந்துகிறதா? கேட்டவுடன் ஃபோல்டரைத் திறந்து காட்டுகிறாரா, பத்து நிமிடம் தேடி எடுக்கிறாரா, "அது ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கும்" என்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டு அன்றே கிடைத்தால் நல்ல நிலை என்பது என் கருத்து. மீதி இரண்டும் என்ன என்பதைப் பொறுத்து அந்தக் கருத்து மாறலாம்.

சென்ற ஆண்டு ஆடிட்டர் எழுப்பிய வினாக்களின் பட்டியலையும் எடுங்கள். அதே வினா இந்த ஆண்டும் வந்திருந்தால் அது தனியாகக் குறிக்கத் தக்கது. புதிய வினா வருவது இயல்பு. பழைய வினா திரும்புவது அப்படியல்ல. கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனச் சட்டப்படி அமைந்த கம்பெனிகளுக்குக் கட்டாயம். அந்தத் திருத்தப் பதிவேடு ஆண்டு முழுவதும் இயங்கியதா என்று ஆடிட்டர் தம் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். அதை உங்கள் மதிப்பீட்டிலும் ஒரு வரியாகச் சேருங்கள்.

நேர்மைக்கு மதிப்பெண் கிடையாது

பல படிவங்களில் நேர்மைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம் இருக்கிறது. அதை நீக்கிவிடச் சொல்வேன். நேர்மையில் மூன்று வாங்கியவரிடம் காசோலைப் புத்தகத்தைக் கொடுக்க முடியுமா? உண்டு அல்லது இல்லை என்று மட்டுமே அதைச் சொல்ல முடியும். சொல்வதற்கு உங்கள் நம்பிக்கையோ சந்தேகமோ போதாது. செய்த சோதனைகளை மட்டும் எழுத வேண்டும்.

எழுத்தரின் சில்லறை ரொக்கத்திலிருந்து தொடங்குங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் பெட்டியைத் திறந்து, அவரையும் அருகில் வைத்துக்கொண்டு எண்ணி, ஏட்டு இருப்போடு ஒப்பிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு பில் கட்டைப் புரட்டுங்கள். ஒரே கடையின் கைப்பில்கள் ஜூன் 4, ஜூன் 19, ஜூலை 2 என்று தேதியிட்டு, எண்கள் மட்டும் 311, 312, 313 என்று அடுத்தடுத்து இருந்தால், அந்தக் கடைக்கு இடையில் வேறு வாடிக்கையாளரே வரவில்லை என்றாகிறது. கேட்க வேண்டிய கேள்வி அது. ரொக்க லெட்ஜரை நாள் வாரியாகப் பார்த்து, எந்த நாளிலாவது இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் இல்லாத பணத்தைச் செலவழிக்க முடியாது. அப்படித் தெரிந்தால், ஒரு வரவு பதியப்படவில்லை அல்லது ஒரு செலவுக்குத் தேதி மாற்றப்பட்டிருக்கிறது.

பெரிய தொகைகளில் கவனிக்க வேண்டியது சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண்கள். ஆண்டில் எந்தெந்த சப்ளையரின் கணக்கு எண் மாற்றப்பட்டது, யார் சொல்லி மாற்றப்பட்டது, சப்ளையரை நாமே பழைய தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்தோமா என்று பாருங்கள். சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர்களின் கணக்கு எண்களையும் சப்ளையர்களின் கணக்கு எண்களையும் ஒரே தாளில் வைத்து, இரண்டிலும் வரும் எண் உண்டா என்றும் தேடுங்கள்.

விடுப்பும் ஒரு சோதனைதான். வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்போரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து பத்து வேலை நாள்களுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. மறைக்க ஏதாவது இருந்தால் அதற்கு அன்றாடம் ஆள் தேவைப்படும். வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வெளிப்பட்டுவிடும் என்பதே அதன் காரணம். உங்கள் நிறுவனத்தில் பத்து நாள் முடியாவிட்டால் ஒரு வாரமாவது அவர் வேலையை இன்னொருவர் பார்க்கட்டும். ஒருநாளும் விடுப்பே எடுக்காதவர் என்பதை அர்ப்பணிப்பு என்று பாராட்டி எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. கணக்குப் பிரிவில் அதை எழுதாதீர்கள்.

இந்தச் சோதனைகளில் ஏதாவது இடறினால், அதை மதிப்பீட்டுக் கூட்டத்தில் எடுத்துப் போடக் கூடாது. அடையாளம் வேறு, நிரூபணம் வேறு. உரிமையாளரிடமும் ஆடிட்டரிடமும் சொல்லித் தனியாக விசாரித்து முடியும் வரை மதிப்பீட்டை நிறுத்திவையுங்கள். குற்றம் இல்லை என்று தெரிந்தால் அதன் சாயல்கூடப் படிவத்தில் இருக்கக் கூடாது. பட்டுவாடாவைப் பதிபவரும், வங்கியில் அதை ஏற்றுபவரும், ஓடிபி வரும் தொலைபேசியை வைத்திருப்பவரும், உரிமையாளரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பூட்டி வைப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அவர் நேர்மையானவரா என்பதை நீங்கள் மதிப்பிடவே முடியாது. முதலில் அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும்.

நேர்மை என்பது பணம் எடுக்காமல் இருப்பது மட்டுமல்ல. நம் நிறுவனத்தின் எழுத்தர் ஒரு சப்ளையருக்கு 64,900 ரூபாயை இரண்டு முறை அனுப்பிவிட்டார் என்று கொள்வோம். மறுநாள் காலை தானே கண்டு, யாரும் கேட்கும் முன் கணக்காளரிடம் சொன்னார். சப்ளையரிடம் பேசிப் பணமும் திரும்பி வந்தது. துல்லியத்தின் கீழ் இது ஒரு குறைதான், அங்கே எழுத வேண்டும். நேர்மையின் கீழ், தன் தவறைத் தானே முதலில் சொன்னார் என்பதைத் தேதியோடு எழுத வேண்டும். ஒன்றை மற்றதில் கழித்துவிடக் கூடாது.

கணக்காளர் உங்களுக்கே மறுப்புச் சொன்ன நாளையும் நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது பொதுவாகச் செலவாக ஏற்கப்படாது. அதற்காக 28,000 ரூபாயை மூன்று நாள் தேதியில் பிரித்துப் போடு என்று மேலிருந்து சொல்லி, அவர் "வேண்டாம் சார், பேங்க் மூலமா அனுப்பிடலாம்" என்றிருந்தால், ஒத்துழைப்பு என்ற கட்டத்தில் அவருக்கு மதிப்பெண் குறைப்பது மிகப் பெரிய அநியாயம். அவர் காப்பாற்றியது நிறுவனத்தை.

எழுதுவதும் பேசுவதும்

எழுதும்போது குணத்தை எழுதாமல், நடந்ததை எழுதுங்கள். "கவனக்குறைவானவர்" என்பதற்குப் பதில், "GSTR-2B ஒப்பீடு மொத்தத் தொகையில் மட்டும் செய்யப்படுகிறது, அதனால் ராஜ்கோட் பில்லின் வரி தவறான தலைப்பில் இருந்தது தெரியவரவில்லை" என்று எழுதினால், அவர் என்ன மாற்ற வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கும். அடுத்த ஆண்டுக்கான இலக்கையும் அப்படியே வையுங்கள்: ஒவ்வொரு மாதமும் 18-ஆம் தேதிக்குள் பில் வாரியான ஒப்பீட்டுத் தாள் கையெழுத்தோடு கோப்பில் இருக்க வேண்டும், அனாமத்துக் கணக்கில் 60 நாளுக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது, ஸ்டோர்ஸ் பட்டியல் 4-ஆம் தேதி வராவிட்டால் அன்றே உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸ் மேலாளரின் மதிப்பீட்டிலும் அந்த 4-ஆம் தேதியை எழுதினால்தான் கடைசி இலக்குக்குப் பொருள் உண்டு. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே பிழைத் தாளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஏட்டைப் பார்த்து, உங்கள் தாளில் உள்ள தவறுகளை அவர் சுட்டிக்காட்ட இடம் வேண்டும்.

நாள் பற்றி ஒரு குறிப்பு. பெரும்பாலான நிறுவனங்கள் ஏப்ரலில் மதிப்பீட்டை முடித்துச் சம்பள உயர்வு கொடுத்துவிடுகின்றன. ஆனால் ஆண்டுக் கணக்கின் தணிக்கை செப்டம்பர் வரை நீளும். எனவே ஏப்ரலில் துல்லியத்தையும் கெடுவையும் வைத்து உயர்வை முடிவு செய்யுங்கள். தணிக்கைத் தயார்நிலைக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, ஆடிட்டரின் இறுதி வினாப் பட்டியல் கைக்கு வந்த பிறகு, அக்டோபரில் அவரை அழைத்து அதை நிரப்புங்கள்.